குறை மாதத்துக்குச் சம்பளமும் வாடகையும் கணக்கிடும் முறை

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளில் பெரிய தொகைகளைப் பற்றி எழும் தகராறுகள் குறைவு. நூல் கொள்முதல், உர விற்பனை, பங்குத்தொகை ஆகியவற்றைப் பலர் பார்வையிடுகின்றனர். பிழை நேர்ந்தால் விரைவில் வெளிப்பட்டுவிடும். ஆனால் மாத நடுவில் வேலைக்குச் சேர்ந்த ஒரு சிப்பந்தியின் முதற் சம்பளத்தையோ, மாத நடுவில் எடுத்த ஒரு கிடங்கின் முதல் வாடகையையோ காரியதரிசி ஒருவரே ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்கிட்டுவிடுகிறார். அங்கே விழும் பிழை சில நூறு ரூபாய்தான். ஆயினும் சிப்பந்திக்கு அது அவருடைய முதல் மாத வருமானம். சங்கத்துக்கோ அது அங்கத்தினர்களின் பணம். ஆகவே இக்கணக்கை எவ்வாறு போடுவது, போட்ட கணக்கு சரிதானா என்று எவ்வாறு கண்டுகொள்வது என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தறியில் நெய்யும் அங்கத்தினருக்கு இப்பிரச்சினை எழுவதில்லை. அவர் நெய்து கொடுத்த சேலைக்கோ வேட்டிக்கோ இன்ன கூலி என்று நிச்சயம் செய்யப்பட்டிருக்கிறது. எத்தனை உருப்படி கொடுத்தாரோ அத்தனைக்குக் கூலி. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பேசப்பட்ட ஊதியத்துக்கும் வாடகைக்குமே குறை மாதக் கணக்கு வேண்டியதாகிறது. மாதங்கள் ஒரே அளவுடையவை அல்ல. சில 31 நாட்கள், சில 30 நாட்கள், பிப்ரவரி 28 அல்லது 29 நாட்கள். தொகை மட்டும் மாறாமல் நிற்கிறது. எல்லாச் சிக்கலும் இதிலிருந்தே பிறக்கிறது.

நாம் தணிக்கை செய்த ஒரு நெசவாளர் சங்கத்தில் நேர்ந்ததை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சங்கத்தின் விற்பனை நிலையத்தில் விற்பனையாளர் பதவிக்கு மாதச் சம்பளம் 12,400 ரூபாய். 2024ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி மாலை பழைய விற்பனையாளர் பொறுப்பை ஒப்படைத்து விலகினார். மறுநாள் 17ஆம் தேதி புதன்கிழமை காலை புதியவர் பொறுப்பேற்றார். ஜூலை மாதத்துக்கு 31 நாட்கள். மாத முடிவில் புதியவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு மூன்று விடைகள் கிடைத்தன. காரியதரிசி 5,200 ரூபாய் என்றார். புதிய விற்பனையாளர் தமக்கு 7,153 ரூபாய் 85 காசு வரவேண்டும் என்றார். நிர்வாகக் குழு அங்கத்தினர் ஒருவர் 6,200 ரூபாய் கொடுத்துவிடலாம் என்றார். மூவரும் நாணயமானவர்களே; மூவரும் காகிதத்தில் கணக்கிட்டுத்தான் சொன்னார்கள். இருந்தும் ஒருவர் தொகை மற்றொருவர் தொகையோடு ஒத்துவரவில்லை.

இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இக்கணக்கில் இரண்டே எண்கள் உள்ளன. ஒன்று, சம்பளத்தை எத்தனை நாளால் வகுப்பது என்பது. அதை வகுக்கும் எண் என்போம். மற்றொன்று, எத்தனை நாளுக்குச் சம்பளம் கொடுப்பது என்பது. அதை நாட்கணக்கு என்போம். இவ்விரண்டும் ஒரே வகை நாட்களாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்து ஒன்றை எண்ணினால் மற்றொன்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். நீக்கி எண்ணினால் இரண்டிலும் நீக்க வேண்டும். இந்த ஒரு விதியை மறந்ததே மேற்படி சங்கத்தில் ஏற்பட்ட குழப்பத்துக்குப் பெரும் காரணம்.

காரியதரிசி 12,400 ரூபாயை 31 நாளால் வகுத்தார். நாள் ஒன்றுக்கு 400 ரூபாய் வந்தது. அது சரியே. பிறகு அவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டி, புதியவர் கையெழுத்திட்ட நாட்களை எண்ணினார். ஜூலை 21, 28 ஆகிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நிலையம் மூடியிருந்தமையால் 13 கையெழுத்துக்களே இருந்தன. 13 நாளுக்கு 5,200 ரூபாய் என்று எழுதிவிட்டார். வகுக்கும்போது ஞாயிறுகளையும் சேர்த்து வகுத்தவர், பெருக்கும்போது அவற்றைக் கழித்துவிட்டார். இதனால் சிப்பந்திக்கு 800 ரூபாய் குறைந்தது.

புதிய விற்பனையாளர் தவறியது இதற்கு நேர்மாறான திசையில். மாதத்துக்கு வேலை நாட்கள் 26 என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். 12,400ஐ 26ஆல் வகுத்தால் நாள் ஒன்றுக்கு 476 ரூபாய் 92 காசு வருகிறது. இந்த விகிதத்தில் 17 முதல் 31 வரை எல்லா நாட்களுக்கும், ஞாயிறு உட்பட, 15 நாளாகப் பெருக்கினார். வகுக்கும்போது ஞாயிறுகளை நீக்கிவிட்டு, பெருக்கும்போது சேர்த்துக்கொண்டார். சரியான தொகைக்கு மேல் ஆயிரம் ரூபாய்க்கு அதிகமாகக் கேட்கும் நிலை இப்படி வந்தது.

குழு அங்கத்தினர் சொன்ன 6,200 ரூபாயில் இத்தகைய கலப்பு இல்லை. அவர் எந்த மாதமானாலும் 30 நாள் என்று வைத்துக்கொண்டு, 30இல் 15 என்பது பாதி, ஆகவே பாதிச் சம்பளம் என்றார். மனக்கணக்குக்கு எளிதான முறை. பல இடங்களில் வழக்கத்திலும் இருக்கிறது. ஆனால் அதில் மறைந்திருக்கும் குறையைக் காண ஒரு சோதனை போதும். அதே ஜூலை மாதத்தில் விலகிப்போனவருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டுமல்லவா? அவர் வேலை பார்த்தது 1 முதல் 16 வரை, 16 நாட்கள். 30 நாள் முறையில் அவருக்கு 6,613 ரூபாய் 33 காசு. இருவருக்கும் சேர்த்து 12,813 ரூபாய் 33 காசு ஆகிறது. பதவி ஒன்று, அதற்குரிய மாதச் சம்பளம் 12,400 ரூபாய், ஒரு நாளும் இருவர் சேர்ந்து வேலை செய்யவில்லை. அப்படியிருக்க 413 ரூபாய் 33 காசு அதிகமாக எப்படிச் செலவாயிற்று என்று தணிக்கையில் கேட்டால் பதில் இராது.

இந்தச் சோதனையை அங்கத்தினர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மாதத்தை இரண்டாக வெட்டினால், இரண்டு துண்டுகளையும் சேர்க்கும்போது முழு மாதம் வரவேண்டும். குறையவும் கூடாது, மிஞ்சவும் கூடாது. முன்பு ஒருவர் இல்லாமல் பதவி காலியாக இருந்திருந்தாலும் சோதனை இதுவே. காலியாக இருந்த நாட்களுக்கு ஒரு தொகை போட்டு, கொடுத்த தொகையோடு கூட்டிப் பார்க்கலாம்.

மாதத்தின் உண்மையான நாட்களால் வகுக்கும் முறை இச்சோதனையில் எப்போதும் தேறிவிடுகிறது. புதியவருக்கு 15 நாளுக்கு 6,000 ரூபாய்; பழையவருக்கு 16 நாளுக்கு 6,400 ரூபாய்; கூட்டினால் 12,400 ரூபாய், காசு பிசகவில்லை. அந்த மாதத்தின் உண்மையான வேலை நாட்களால் வகுத்தாலும் தேறும். ஜூலையில் நான்கு ஞாயிறுகள் போக 27 வேலை நாட்கள். பழையவருக்கு 14, புதியவருக்கு 13. அவ்வாறு கணக்கிட்டால் புதியவருக்கு 5,970 ரூபாய் 37 காசு வரும். இதுவும் நியாயமான கணக்கே. ஆனால் விடுமுறை நாட்களை ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டும். பண்டிகை விடுமுறையைச் சேர்ப்பதா என்ற விவாதமும் எழும். நாட்காட்டியில் உள்ள நாட்களை எண்ணுவதில் விவாதத்துக்கு இடமில்லை. அரசு அலுவலகங்களிலும் குறை மாதச் சம்பளம் அந்தந்த மாதத்தின் உண்மையான நாட்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஆகவே நம் சங்கங்களுக்கும் இம்முறையையே பரிந்துரைக்கிறோம்.

26 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. 30 நாளில் நான்கு வார விடுமுறைகளைக் கழித்தால் 26. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு விளக்கம், மாதச் சம்பளக்காரரின் 15 நாள் ஊதியத்தைக் காண மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும் என்று கூறிற்று. அது பல ஆண்டுச் சேவைக்குப் பின் கொடுக்கும் பணிக்கொடையைக் கணக்கிட ஏற்பட்ட வழி. சேர்ந்த மாதத்தின் சம்பளத்துக்கு அதைக் கொண்டுவந்து பொருத்தினால் மேலே கண்ட குழப்பமே விளையும். முறைப்படி வேலை நாட்களை மட்டும் எண்ணினாலும், ஜூலை போன்ற 27 வேலை நாள் மாதத்தில் இருவர் சம்பளமும் சேர்ந்து 12,876 ரூபாய் 92 காசு ஆகிவிடும்.

30 நாள் முறையின் குறை பிப்ரவரியில் இன்னும் தெளிவாகத் தெரியும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி திங்கட்கிழமை ஒருவர் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். அம்மாதத்துக்கு 28 நாட்கள். அவர் இழந்தவை முதல் இரண்டு நாட்கள். மிச்சம் 26 நாட்கள். 30ஆல் வகுத்து 26ஆல் பெருக்கினால் 10,746 ரூபாய் 67 காசு. இரண்டு நாள் இல்லாததற்காக நான்கு நாள் சம்பளம் போய்விட்டது. உண்மையான நாட்களால் வகுத்தால் 11,514 ரூபாய் 29 காசு வரும். இதற்கு மாற்றாகச் சிலர், 30இலிருந்து இழந்த நாட்களைக் கழிப்போம் என்பார்கள். அதுவும் பிழையற்றதன்று. 31 நாள் மாதத்தில் 31ஆம் தேதி சேர்ந்தவர் இழந்தது 30 நாட்கள். அவர் ஒரு நாள் உழைத்தும் ஒரு காசும் கிடையாது என்றாகிவிடும்.

இனி நாட்கணக்கைப் பார்ப்போம். 31இலிருந்து 17ஐக் கழித்தால் 14 என்று எழுதிவிடுவோர் பலர். கழிக்கும்போது 17ஆம் தேதியே விழுந்துவிடுகிறது. ஆனால் அன்றும் அவர் வேலை பார்த்தார். ஆகவே கழித்து ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும், 15 நாட்கள். ஐயமிருந்தால் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணுவதே நலம்.

சேர்ந்த தேதியே சம்பளம் தொடங்கும் தேதியா என்பதிலும் தகராறு வருவதுண்டு. அரசுப் பணியில் வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம் இது: பொறுப்பை முற்பகலில் ஏற்றால் அன்று முதலும், பிற்பகலில் ஏற்றால் மறுநாள் முதலும் சம்பளம். ஒரே நாளுக்கு இருவர் சம்பளம் பெறாதவாறு இவ்வழக்கம் காக்கிறது. நியமன உத்தரவில் கண்ட தேதிக்கும் பொறுப்பேற்ற தேதிக்கும் வேற்றுமை இருந்தால் பொறுப்பேற்ற தேதியையே கொள்ள வேண்டும். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. உத்தரவில் முதல் தேதி என்றிருந்தும், சிப்பந்தி திங்கட்கிழமை 2ஆம் தேதிதான் பொறுப்பேற்க முடிந்திருக்கும். இவ்வழக்கப்படி அவருக்கு 29 நாள் சம்பளமே சேரும். இது கடுமை என்று குழு கருதுமானால், விடுமுறை நாளில் தொடங்கும் நியமனத்துக்கு அந்நாள் முதலே சம்பளம் உண்டென்று முன்கூட்டியே தீர்மானம் செய்துகொள்ளலாம். பின்னால் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டுவதுதான் ஆட்சேபத்துக்குரியது.

காசுகளைப் பற்றியும் ஒரு சொல். 12,400 ரூபாய் 31ஆல் மிச்சமின்றி வகுபட்டது. எல்லாச் சம்பளமும் அப்படி அமையாது. 13,000 ரூபாய்ச் சம்பளத்தை 31ஆல் வகுத்தால் 419 ரூபாய் 35 காசும் சில்லறையும். ஒருவர் அதை 419 ஆக்கி 15ஆல் பெருக்கி 6,285 என்பார். மற்றொருவர் 420 ஆக்கி 6,300 என்பார். முதலில் 13,000ஐ 15ஆல் பெருக்கிப் பிறகு 31ஆல் வகுத்தால் 6,290 ரூபாய் 32 காசு. பெருக்குவதை முன்னும் வகுப்பதைப் பின்னும் செய்து, முழு ரூபாயாக்குவதைக் கடைசியில் ஒரே முறை செய்தால் இவ்வேற்றுமை நேராது.

சம்பளத்தோடு சேர்ந்த அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி முதலியன மாதத்துக்கு இவ்வளவு என்று நிச்சயிக்கப்பட்டிருந்தால் அவையும் அதே நாட்கணக்குப்படி குறையும். சங்க வேலையாகச் சென்ற பயணத்துக்குச் சீட்டுக் கொடுத்துப் பெறும் செலவு குறையாது. அது நாளைப் பொறுத்ததன்று. வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிப்பது, அம்மாதம் உண்மையில் ஈட்டிய ஊதியத்தின் மீதுதான். முழு மாதச் சம்பளத்தின் மீது பிடித்தல் கூடாது.

சேர்ந்த மாதத்துக்கு ஒரு முறை, பின்னால் விடுப்பின்றி வராத நாளுக்கு வேறொரு முறை என்றிருப்பதும் தவறு. மேற்படி விற்பனையாளர் ஆகஸ்டு மாதத்தில் இரண்டு நாள் விடுப்பின்றி வரவில்லை என்றால், 31 நாள் கணக்குப்படி 800 ரூபாய்தான் பிடிக்க வேண்டும். கொடுக்கும்போது 31ஆலும் பிடிக்கும்போது 26ஆலும் வகுத்தால் 953 ரூபாய் 85 காசு போய்விடும். எந்தப் படியால் அளந்து கொடுத்தோமோ அந்தப் படியாலேயே அளந்து வாங்க வேண்டும்.

வாடகைக்கும் இதே விதிகள் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமைத் தொல்லை மட்டும் இல்லை. கட்டிடம் எல்லா நாளும் நம் வசம் இருக்கிறது. ஒரு விவசாயக் கூட்டுறவுச் சங்கம் நிலக்கடலை வைக்க மாதம் 4,650 ரூபாய்க்கு ஒரு கிடங்கு எடுத்து, அக்டோபர் 20ஆம் தேதி சாவி பெற்றதாகக் கொள்வோம். 20 முதல் 31 வரை 12 நாட்கள். நாள் ஒன்றுக்கு 150 ரூபாய். முதல் வாடகை 1,800 ரூபாய். நவம்பர் முதல் முழு வாடகை. முன்பணமாகக் கொடுத்த தொகையில் நாட்கணக்கு இல்லை. அது அப்படியே திரும்பவேண்டிய தொகை. மின்சாரக் கட்டணத்தையும் நாளால் பிரிக்கக் கூடாது. சாவி பெறும் அன்றே மீட்டரில் உள்ள அளவைக் குறித்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தம் எழுதிய நாள் ஒன்றாகவும், சாவி பெற்ற நாள் வேறாகவும் இருப்பது சாதாரணம். வாடகை எந்நாள் முதல் என்பது பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். அது எழுதப்படாதபோதுதான் ஐந்தாறு நாள் வாடகைக்காக மனத்தாங்கல் வளர்கிறது.

வாடகையில் மற்றொரு வழியும் உண்டு. ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி முதல் அடுத்த மாதம் 19ஆம் தேதி வரை ஒரு வாடகை மாதம் என்று பேசிக்கொண்டால் தொடக்கத்தில் குறை மாதமே இராது. ஆனால் காலி செய்யும்போது கவனம் வேண்டும். பிப்ரவரி 10ஆம் தேதி காலி செய்தால், நடப்பது ஜனவரி 20 முதல் பிப்ரவரி 19 வரையுள்ள வாடகை மாதம். அதற்கு 31 நாட்கள். அதில் கழிந்தவை ஜனவரியில் 12, பிப்ரவரியில் 10, ஆக 22 நாட்கள். வாடகை 3,300 ரூபாய். இங்கே பிப்ரவரியின் 28ஆல் வகுப்பது பொருந்தாது. வகுக்கும் எண் எப்போதும் எந்த மாதத்துக்காக வாடகை பேசப்பட்டதோ அந்த மாதத்தின் நாட்களே.

குடியிருக்கும் காலத்தில் கட்டிடம் கைமாறுவதும் உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 36ஆம் பிரிவில், வேறு ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாவிடில், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே வாடகை நாளுக்கு நாள் சேர்ந்து வருவதாகக் கொண்டு பிரித்துக்கொள்ள வேண்டும் என்று வகுத்திருக்கிறது. கொடுக்கவேண்டிய நாள் மட்டும் முன்பு பேசியபடியே இருக்கும். ஆகவே சங்கம் ஒரே மாதத்துக்கு இருமுறை வாடகை கொடுக்கவேண்டியதில்லை.

கொடுத்து முடித்த தொகை சரிதானா என்று அறிய விரும்பும் அங்கத்தினர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. கொடுத்த தொகையை மாதத்தின் நாட்களால் பெருக்கி, முழுச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் அவர் பணிபுரிந்த நாட்களாக இருக்க வேண்டும். 6,000 ரூபாய்க்கு 15 வருகிறது. காரியதரிசியின் 5,200 ரூபாய்க்கு 13 வருகிறது. இரண்டு ஞாயிறுகள் விழுந்தது உடனே தெரிகிறது. 6,200 ரூபாய்க்குப் பதினைந்தரை வருகிறது; அரை நாள் என்று ஒன்று இல்லாமையால் வகுக்கும் எண்ணில் ஏதோ வேற்றுமை என்று கண்டுகொள்ளலாம்.

பிழை தெரிந்தால், பழைய சம்பளப் பட்டியலில் அடித்துத் திருத்துதல் கூடாது. குறைந்த தொகையைக் காரணம் குறித்து ஒரு துணைப் பட்டியலில் கொடுக்க வேண்டும். அதிகம் கொடுத்திருந்தால் சிப்பந்திக்குக் கணக்கை எழுத்தில் காட்டிய பிறகே, அடுத்த மாதத்தில் தனி இனமாகப் பிடிக்க வேண்டும்.

இவை யாவும் நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானத்தில் அடங்கிவிடக் கூடியவை. நடவடிக்கைப் புத்தகத்தில் பின்வருமாறு எழுதிக்கொள்ளலாம்: “மாத நடுவில் சேரும் அல்லது விலகும் சிப்பந்திகளின் சம்பளத்தையும், விடுப்பின்றி வராத நாட்களுக்குரிய பிடித்தத்தையும், முழுச் சம்பளத்தை நாட்களால் பெருக்கி, அம்மாதத்தின் உண்மையான நாட்களால் வகுத்துக் கணக்கிட வேண்டும். வார விடுமுறைகள் நாட்கணக்கில் சேரும். முற்பகலில் பொறுப்பேற்றால் அன்று முதலும் பிற்பகலில் ஏற்றால் மறுநாள் முதலும் சம்பளம் சேரும். முழு ரூபாயாக்குவது கடைசியில் ஒரு முறை.” இதன் நகலை நியமன உத்தரவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால், சேருகிறவர் தம் முதற் சம்பளம் எவ்வளவு என்பதைச் சேரும் நாளிலேயே தாமே கணக்கிட்டுத் தெரிந்துகொள்வார்.